முடிவு முதல் வரியில், விவரம் அதற்குக் கீழே

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மென்பொருள் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அதைப் புதுப்பிப்பதா, குறைப்பதா என்று கேட்டு எங்கள் செயல்பாட்டுத் தலைவருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். ஏழு பத்தி. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. ஐந்தாம் நாள் பதில் வந்தது: “நல்ல அலசல், நன்றி.”

ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. நான் கேட்க வந்த கேள்வி ஏழாம் பத்தியின் கடைசி வாக்கியத்தில் இருந்தது. அவர் அதுவரை வரவே இல்லை. நான் நினைவூட்டி, அவர் நேரம் ஒதுக்கி, இருவரும் பேசி முடிப்பதற்குள் ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருந்த கெடு தாண்டிவிட்டது. ஒப்பந்தம் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. யாரும் தொடாத லைசென்ஸ்களுக்கு இன்னோர் ஆண்டு பணம் கட்டினோம்.

அந்த மெயிலில் தகவல் குறையவில்லை. கணக்கும் சரிதான். வரிசைதான் தலைகீழாக இருந்தது. உயர் நிர்வாகிகளுக்கு எழுதும் மெயிலில் நம் பரிந்துரையும், அவர்கள் எடுக்க வேண்டிய முடிவும் முதலில் வர வேண்டும்; காரணங்களும் கணக்கும் அதற்குக் கீழே, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதிமுறையே இதைச் சொல்கிறது. அங்கே இதற்கு ‘பாட்டம் லைன் அப் ஃப்ரன்ட்’ என்று பெயர், சுருக்கமாக ‘பிளஃப்’. அலுவலகங்களில் இந்தச் சொல் உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். கேட்க எளிதாக இருக்கும் இந்த முறை, எழுத உட்காரும்போது கையில் வராமல் நழுவுவது ஏன் என்பதை ஒரே ஒரு மெயிலை வைத்துப் பார்ப்போம். சம்பவம் என்னுடையதைப் போன்றதுதான். எண்களையும் தேதிகளையும் மட்டும் விளக்கத்துக்காக மாற்றியிருக்கிறேன்.

முதலில் எழுதிய மெயில்

> சப்ஜெக்ட்: வாடிக்கையாளர் சேவை மென்பொருள் – சில தகவல்கள்
>
> வணக்கம் மேடம். நம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு கடந்த மூன்று ஆண்டுகளாக இந்த மென்பொருளைப் பயன்படுத்தி வருவது தாங்கள் அறிந்ததே. தற்போது நம்மிடம் 240 லைசென்ஸ்கள் உள்ளன. ஒப்பந்தம் ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிவடைகிறது. இது தொடர்பாகக் கடந்த மாதம் விற்பனை நிறுவனத்துடன் இரண்டு முறை பேசினோம். மூன்று ஆண்டுக்குக் கையெழுத்திட்டால் 12 சதவீதம் தள்ளுபடி தருவதாகக் கூறுகிறார்கள். இதற்கிடையே, பயன்பாட்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது…

இப்படியே போய், ஏழாம் பத்தியில் முடிகிறது:

> …எனவே, மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, லைசென்ஸ்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஓராண்டுக்குப் புதுப்பிப்பது பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறோம். தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.

இதில் தப்பு என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வாக்கியம்கூட இல்லை. பள்ளியில் கட்டுரை எழுதிய பழக்கம் அப்படியே வந்திருக்கிறது: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நாம் யோசித்த வரிசையும் அதுதான். முதலில் பதிவுகளைப் பார்த்தோம், அப்புறம் விற்பனையாளரிடம் பேசினோம், அப்புறம் கணக்குப் போட்டோம், கடைசியில் முடிவுக்கு வந்தோம். அந்த வரிசையிலேயே எழுதினால், படிப்பவரும் நம்மோடு அதே பாதையில் நடந்து வந்து அதே முடிவுக்கு வருவார் என்று நினைக்கிறோம்.

அவர் நடந்து வர மாட்டார். அவருக்கு அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, கைபேசித் திரையில், சப்ஜெக்டையும் முதல் ஒன்றிரண்டு வரியையும் பார்த்துவிட்டு “இதை இப்போதே முடிக்கலாமா, இல்லை பிறகு பார்க்கலாமா?” என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மேலே இருக்கும் மெயிலில் அந்த இரண்டு வரியில் என்ன தெரிகிறது? “சில தகவல்கள்.” “தாங்கள் அறிந்ததே.” தகவல் என்றால் ஆற அமரப் படிக்கலாம். அறிந்தது என்றால் படிக்கவே வேண்டாம். நாமே அவரிடம் ‘பிறகு பாருங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முடிவு என்னவென்று தெரியாமல் காரணங்களைப் படிப்பவர் ஒவ்வொரு எண்ணையும் தலையில் சுமந்துகொண்டே போக வேண்டும். 240 என்கிறார்கள், அது கூடுதலா குறைவா? 12 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளச் சொல்லப் போகிறார்களா, வேண்டாம் என்று சொல்லப் போகிறார்களா? முடிவு முதலில் தெரிந்துவிட்டால் அதே எண்கள் சட்டென்று இடத்தில் போய் உட்காரும்.

மாற்றி எழுதியது

> சப்ஜெக்ட்: மே 22-க்குள் ஒப்புதல் தேவை – சேவை மென்பொருள், 170 லைசென்ஸ், ஓராண்டு
>
> வணக்கம் மேடம்,
>
> சேவை மென்பொருள் லைசென்ஸ்களை 240-இலிருந்து 170-ஆகக் குறைத்து, ஓராண்டுக்கு மட்டும் புதுப்பிக்கப் பரிந்துரைக்கிறோம். உங்கள் ஒப்புதல் மே 22 வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ஆண்டுச் செலவு இப்போதைவிட 29 சதவீதம் குறையும். முடிவு தள்ளிப்போனால் 240 லைசென்ஸும் தானாகவே இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும்.
>
> இதில் உள்ள ஆபத்து: அடுத்த ஆண்டு விலை உயரலாம். மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டால் விலை உயராது.
>
> “சரி” என்று பதில் போட்டால் போதும், சட்டப் பிரிவோடு பேசி அறிவிப்பை அனுப்பிவிடுகிறோம். விவரம் வேண்டுமானால் கீழே இருக்கிறது.
>
> ———
>
> ஏன் 170? கடந்த 90 நாளில் ஒரு முறையாவது உள்நுழைந்தவர்கள் 152 பேர். வேலை அதிகமாகும் மாதங்களில் தற்காலிகமாகச் சேர்பவர்கள் அதிகபட்சம் 18 பேர். இரண்டும் சேர்ந்து 170.
>
> மூன்றாண்டுத் தள்ளுபடி ஏன் வேண்டாம்? 240 லைசென்ஸும் எடுத்தால்தான் 12 சதவீதம் தருகிறார்கள். அதைக் கழித்தாலும் சுமார் 211 லைசென்ஸின் முழு விலை ஆகிறது. 170 லைசென்ஸை முழு விலைக்கு வாங்குவது அதைவிடக் குறைவு.
>
> 170 போதாமல் போனால்? ஆண்டின் நடுவில் அதே விலைக்குக் கூடுதல் லைசென்ஸ் சேர்க்க ஒப்பந்தம் அனுமதிக்கிறது. ஆனால் சேர்த்ததை நடுவில் குறைக்க முடியாது.
>
> ஏன் மே 22? ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிறது. 30 நாள் முன்பே, அதாவது மே 31-க்குள் அறிவிக்க வேண்டும். அது ஞாயிறு என்பதால் மே 29 வெள்ளியே நமக்குக் கடைசி நாள். சட்டப் பிரிவுக்கு ஐந்து வேலை நாள் தேவை.
>
> யாரிடம் கேட்டோம்? சேவைப் பிரிவுத் தலைவர் 170-க்கு ஒப்புக்கொண்டார். செலவுக் கணக்கை நிதிப் பிரிவு சரிபார்த்தது.

கோட்டுக்கு மேலே இருப்பதைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. அதை மட்டும் படித்தே ஒருவர் முடிவெடுக்கலாம். அதில் எதுவும் முன்னுரை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மேல் பகுதிக்குள் என்ன இருக்கிறது

பரிந்துரை, கெடு, விளைவு, ஆபத்து. இந்த நான்கும் மேலே இருந்தாக வேண்டும் என்பது என் அனுபவம். இதில் அதிகம் தடுமாறுவது பரிந்துரையில்தான். “குறைப்பது பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறோம்” என்பது பரிந்துரையின் நிழல் மட்டுமே. எவ்வளவு குறைப்பது? எத்தனை நாளுக்கு? அவர் “சரி” என்று பதில் போட்டால், நாளைக் காலையில் நாம் என்ன செய்வோம் என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். “170 லைசென்ஸ், ஓராண்டு” என்றால் தெரிகிறது. இப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது: உங்கள் முதல் வாக்கியத்துக்கு நேர் கீழே “சரி” என்று எழுதிப் பாருங்கள். அதை வைத்துக்கொண்டு சட்டப் பிரிவுக்கு உடனே ஒரு வேலை கொடுக்க முடிந்தால் பரிந்துரை தெளிவாக இருக்கிறது. “எதுக்கு சரி?” என்ற கேள்வி எழுந்தால் இன்னும் தெளிய வேண்டும்.

“தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்” என்பது இதன் எதிர்முனை. அது பணிவாகத் தெரிந்தாலும், யோசிக்கிற வேலை முழுவதையும் திருப்பி அவர் தலையில் வைத்துவிடுகிறது. பதிவுகளைப் பார்த்தவர் நீங்கள், விற்பனையாளரிடம் பேசியவரும் நீங்கள். எது நல்லது என்று அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சொல்லுங்கள். அவர் மறுத்தால் மறுக்கட்டும். திட்டவட்டமான ஒன்றை மறுப்பதும் அவருக்கு எளிது. “170 வேண்டாம், 190 வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

அடுத்தது கெடு. ‘விரைவில்’, ‘உடனடியாக’, ‘கூடிய சீக்கிரம்’ எல்லாம் தேதிகள் அல்ல. தேதியைப் போட்டால் மட்டும் போதாது, அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பதும் மெயிலுக்குள் எங்காவது இருக்க வேண்டும். மேலே உள்ளதில் மே 22 ஒரு கணக்கிலிருந்து பிறந்தது: ஜூன் 30-இலிருந்து 30 நாள் பின்னே போய், ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி, சட்டப் பிரிவின் ஐந்து நாளைக் கழித்து வந்தது. காரணமில்லாத கெடுவை ஒரு முறை வைத்துவிட்டால், அடுத்த முறை உண்மையான கெடுவையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

ஆபத்தை மேலேயே வைத்திருப்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றும். நம் பரிந்துரைக்கு எதிரான விஷயத்தை நாமே ஏன் முன்னால் கொண்டு வர வேண்டும்? ஏனென்றால், கோட்டுக்கு மேலே உள்ளதை மட்டும் படித்துவிட்டு அவர் கையெழுத்திடப் போகிறார். அடுத்த ஆண்டு விலை உயர்ந்து, அந்த ஆபத்து கீழே நான்காம் பத்தியில் இருந்தது தெரிந்தால், அன்றிலிருந்து உங்கள் எந்த மெயிலையும் அவர் மேல் பகுதியோடு நிறுத்த மாட்டார். எல்லாவற்றையும் வரிக்கு வரி படிப்பார், அல்லது “நேரில் வந்து சொல்லுங்கள்” என்பார். இந்த முறை முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: அவர் முடிவை மாற்றக்கூடிய எதுவும் கோட்டுக்குக் கீழே ஒளிந்திருக்காது. இதை நான் மிகக் கண்டிப்பாகப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் மேலே கொண்டு வந்துவிடுவேன்.

தமிழில் எழுதும்போது ஒரு கூடுதல் சிரமம்

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பேச்சில் இது ஒரு தொல்லையே இல்லை. ஆனால் இந்த வகை மெயிலில், முடிவை முதல் வாக்கியத்திலேயே வைத்த பிறகும் அது அந்த வாக்கியத்தின் வாலில் போய் மாட்டிக்கொள்ளும். பாருங்கள்:

> கடந்த 90 நாட்களின் பயன்பாட்டுப் பதிவுகளின்படி 152 பேர் மட்டுமே மென்பொருளைப் பயன்படுத்தியிருப்பதாலும், மூன்றாண்டுத் தள்ளுபடி 240 லைசென்ஸ்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதாலும், லைசென்ஸ்களை 170-ஆகக் குறைத்து ஓராண்டுக்குப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கிறோம்.

எழுதியவர் “முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேனே” என்பார். உண்மைதான். ஆனால் கைபேசியில் முதல் இரண்டு வரியில் தெரிவது ‘பயன்பாட்டுப் பதிவுகள்’ மட்டும். ‘-ஆல்’, ‘-என்பதால்’, ‘-நிலையில்’, ‘-கருத்தில் கொண்டு’ என்று தொடங்கும் முதல் வாக்கியத்தைக் கண்டால் உடனே இரண்டாக வெட்டுங்கள். முடிவு தனி வாக்கியம், சின்னதாக, முதலில். காரணம் அடுத்த வாக்கியம். “லைசென்ஸ்களை 170-ஆகக் குறைக்கப் பரிந்துரைக்கிறோம். 152 பேர்தான் பயன்படுத்துகிறார்கள்.” இந்த ஒரு வெட்டு போதும், பாதி மெயில்கள் சரியாகிவிடும்.

மரியாதை பற்றியும் ஒரு வார்த்தை. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தால் பெரியவர்களிடம் துடுக்காகப் பேசுவது போல் ஆகுமோ என்ற தயக்கம் நமக்கு உண்டு. அதனால்தான் ‘தாங்கள் அறிந்ததே’, ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று சுற்றி வருகிறோம். ஒரு “வணக்கம் மேடம்” போதும். “உங்கள் ஒப்புதல் வேண்டும்” என்பதிலேயே பன்மையும் மரியாதையும் இருக்கின்றன. அவர் நேரத்தை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது இந்த இடத்தில் அதைவிடப் பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

கீழ்ப் பகுதி யாருக்கு

கீழே இருப்பதை யாரும் படிக்கப் போவதில்லை என்றால் ஏன் எழுத வேண்டும் என்று புதியவர்கள் கேட்பதுண்டு. படிப்பார்கள். ஆனால் அதே ஆள் படிப்பார் என்று சொல்ல முடியாது.

நடப்பது பெரும்பாலும் இதுதான். செயல்பாட்டுத் தலைவர் மேல் பகுதியைப் பார்த்துவிட்டு, “சரியாகப் படுகிறது, நீங்களும் பாருங்கள்” என்று நிதிப் பிரிவுத் தலைவருக்கு ஃபார்வர்ட் செய்வார். நிதித் தலைவர் நேரே ‘மூன்றாண்டுத் தள்ளுபடி ஏன் வேண்டாம்?’ என்ற பத்திக்குப் போவார். 240-இல் 12 சதவீதம் கழித்தால் 211 வருகிறதா என்று தானே ஒரு முறை போட்டுப் பார்ப்பார். சட்டப் பிரிவுக்காரர் ‘ஏன் மே 22?’ பத்தியைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். எட்டு மாதம் கழித்து, “இதை ஏன் குறைத்தோம்?” என்று கேட்டு வரும் புது மேலாளர் எல்லாவற்றையும் படிப்பார். ஆக, மேல் பகுதி ஒருவருக்கு. கீழ்ப் பகுதி வேறு வேறு கேள்வியோடு வரும் பலருக்கு.

அதனால்தான் கீழே உள்ள சிறு தலைப்புகளைக் கேள்விகளாகவே வைத்திருக்கிறேன். ‘பின்னணி’, ‘பகுப்பாய்வு’, ‘இதர விவரங்கள்’ என்று தலைப்பு வைத்தால் எந்தப் பத்தியில் எது இருக்கிறது என்று தெரியாது. தேடுபவர் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். எந்தக் கேள்விகள் என்று எப்படித் தெரியும்? மேல் பகுதியை எழுதி முடித்ததும், விஷயத்தோடு தொடர்பில்லாத சக ஊழியர் ஒருவரிடம் அதை மட்டும் காட்டுங்கள். அவர் வாயிலிருந்து வரும் முதல் மூன்று, நான்கு கேள்விகள்தான் உங்கள் கீழ்ப் பகுதியின் தலைப்புகள். அவர் கேட்கும் வரிசையே பெரும்பாலும் சரியான வரிசையாகவும் இருக்கும். யாரும் கேட்காத எதுவும் மெயிலில் வேண்டாம். விற்பனையாளரோடு இரண்டு முறை பேசிய கதை மாற்றி எழுதிய மெயிலில் இல்லை, கவனித்தீர்களா? நமக்கு அது பெரிய உழைப்பு. அவருடைய முடிவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

பயன்பாட்டுப் பதிவுகளின் முழு அட்டவணை போன்றவற்றை இணைப்பாகக் கொடுக்கலாம். ஆனால் முடிவுக்குத் தேவையான எண் எதுவும் இணைப்புக்குள் மட்டும் இருக்கக் கூடாது. கைபேசியில் ஒரு விரிதாளைத் திறந்து 152 என்ற எண்ணைத் தேடும் பொறுமை யாருக்கும் இருக்காது. இன்னொன்று, மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் முரண்பட்டால் மொத்த மெயிலும் சரிந்துவிடும். கடைசி நேரத்தில் 175-ஐ 170 ஆக்கினால், சப்ஜெக்ட், முதல் வரி, கீழ்ப் பத்தி, சதவீதக் கணக்கு என்று நான்கு இடத்திலும் மாற்ற வேண்டும். அனுப்புவதற்கு முன் எண்களை மட்டும் ஒரு முறை விரல் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

பதிலிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்

மெயில் வேலை செய்ததா இல்லையா என்பதை வரும் பதிலே சொல்லிவிடும். “சரி” வந்தாலும், “வேண்டாம்” வந்தாலும், “190 ஆக்குங்கள்” வந்தாலும் மெயில் வேலை செய்திருக்கிறது. “நன்றி” என்று மட்டும் வந்தால், முடிவு தேவை என்பதே அவருக்குப் புரியவில்லை. “இதில் நான் என்ன செய்ய வேண்டும்?” என்று வந்தால் பரிந்துரை மங்கலாக இருந்தது. மெயிலிலேயே பதில் இருக்கும் ஒன்றை அவர் கேட்டால், “கீழே எழுதியிருக்கிறேனே” என்று வருத்தப்பட வேண்டாம். அந்தக் கேள்வியின் பதில் கோட்டுக்கு மேலே இருந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு அடுத்த முறை மேலே ஏற்றுங்கள். எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே வரி முக்கியம் அல்ல. ஒருவர் எப்போதும் செலவைத்தான் கேட்பார், இன்னொருவர் வாடிக்கையாளருக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்பார். மூன்று, நான்கு மெயிலில் அது பிடிபட்டுவிடும்.

பாதி பதில் வருவதும் உண்டு. இரண்டு முடிவுகளை ஒரே மெயிலில் கேட்டிருப்போம்: லைசென்ஸைக் குறைக்கலாமா, கூடவே பயிற்சிக்கு ஒரு ஆளை எடுக்கலாமா. “சரி” என்று ஒரு பதில் வரும். எதற்குச் சரி என்று இருவருக்கும் தெரியாது. ஒன்றை ஒன்று சார்ந்திராத முடிவுகள் என்றால் இரண்டு மெயிலாக அனுப்புங்கள்.

“பதில் வராவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறோம்” என்று எழுதும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் விஷயத்தை அவருக்குத் தெரியப்படுத்துவதற்காக எழுதினால் அது சரி: “செவ்வாய் முதல் கூட்ட நேரத்தை மாற்றுகிறோம், ஆட்சேபம் இருந்தால் திங்களுக்குள் சொல்லுங்கள்.” செலவு, ஒப்பந்தம், ஆள் சேர்ப்பு என்று அவர் கையெழுத்து தேவைப்படும் எதிலும் மௌனத்தைச் சம்மதமாக எடுக்கக் கூடாது. அங்கே பதில் வரவில்லையென்றால் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு போனை எடுத்துப் பேசுங்கள்.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

உங்களுக்கே இன்னும் பரிந்துரை இல்லையென்றால் இருப்பது போல் நடிக்க வேண்டாம். அப்போதும் தேவையை முதல் வரியில் சொல்லலாம்: “இரண்டு வழிகளும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. எதைத் தேர்வது என்று முடிவெடுக்க 20 நிமிடம் பேச வேண்டும்.” அதுவும் அவரிடமிருந்து தேவைப்படும் ஒரு முடிவுதான்.

ஒருவருடைய வேலையையோ நற்பெயரையோ தொடும் செய்தியை இப்படி முதல் வரியில் போட்டு அனுப்பக் கூடாது. மெயில் எங்கெங்கோ ஃபார்வர்ட் ஆகும். முதல் வரி பூட்டிய திரையிலும் தெரியும். அதை நேரிலோ போனிலோ பேசிவிட்டு, தேவையானால் அதன் பிறகு எழுதுங்கள். அவர் ஏற்கெனவே கடுமையாக எதிர்க்கும் விஷயமும் அப்படித்தான். எதிர்ப்பவரிடம் முதல் வரியில் முடிவைச் சொன்னால் இரண்டாம் வரியைப் படிக்கும் முன்பே பதில் தயாராகிவிடும்.

விஷயமே தெரியாதவருக்கு எழுதும்போது முடிவுக்கு முன் ஒரே ஒரு வாக்கியம் பின்னணி சொல்லலாம். “சேவைப் பிரிவு அழைப்புகளைப் பதிவு செய்யும் மென்பொருளின் ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிறது.” அவ்வளவுதான், அடுத்த வாக்கியம் பரிந்துரையாக இருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மூன்றாகப் பெருகுவதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்; பழைய பழக்கம் திரும்பி வருவது அந்த வழியாகத்தான்.

முடிவு வந்த பிறகும் ஒரு மெயில் பாக்கி இருக்கிறது. நடுவில் நிதிப் பிரிவு ஏதோ கேட்டிருக்கும், நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள், தலைவர் “190 ஆக்குங்கள்” என்றிருப்பார். இழை நீண்டு, கடைசியில் எது முடிவானது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அதே இழையில், எல்லோருக்கும், முதல் வரியிலேயே எழுதி அனுப்புங்கள்: “முடிவு: 190 லைசென்ஸ், ஓராண்டு. அறிவிப்பு மே 27-இல் விற்பனையாளருக்குப் போகிறது.” சட்டப் பிரிவுக்காரர் அந்த வரியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்.